முரண்பாட்டு முறையா, காண்ட்ராபாசிட்டிவா: ஒற்றை–இரட்டை, விகிதமுறா எண் கணக்குகளில் எதை எடுப்பது?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் நடத்தும் மாலை வகுப்புக்கு, பி.எஸ்சி. கணிதம் முதலாண்டு படிக்கும் பிள்ளைகள் இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பிள்ளைகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் படித்தவர்கள். பன்னிரண்டாம் வகுப்பில் p → q என்ற கூற்றுக்கும் அதன் காண்ட்ராபாசிட்டிவான ¬q → ¬p என்ற கூற்றுக்கும் மெய் அட்டவணை ஒன்றேதான் என்று கட்டம் போட்டுக் காட்டத் தெரிந்தவர்கள். புதுச்சேரியின் பாகூர், கிருமாம்பாக்கம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருபவர்களில் சிலர் சிபிஎஸ்இ. √2 ஒரு விகிதமுறா எண் என்பதைப் பத்தாம் வகுப்பிலேயே முரண்பாட்டு முறையில் எழுதிப் பழகியவர்கள். முதல் கூட்டத்துக்குக் காண்ட்ராபாசிட்டிவ் என்றால் அட்டவணை. நிரூபணத்தில் அதை எடுக்கலாம் என்றே தோன்றாது. இரண்டாவது கூட்டம் எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் "இப்படி இல்லை என்று கொள்வோம்" என்றுதான் தொடங்கும்.

இரண்டு முறையும் சரியானவை. கேள்வி, எந்தக் கூற்றுக்கு எது பொருந்தும் என்பது. ஒற்றைப்படை–இரட்டைப்படை, விகிதமுறு–விகிதமுறா ஆகிய இந்த இரண்டு ஜோடிகளில் அதைத் தெளிவாகவே சொல்ல முடியும். எல்லோருக்கும் முதலில் வரும் கூற்றிலிருந்து தொடங்குகிறேன்.

n ஒரு முழு எண். n² இரட்டைப்படை என்றால் n-உம் இரட்டைப்படை.

நேராகப் போனால் என்ன ஆகிறது? n² = 2k என்று எழுதலாம். அடுத்து n-ஐப் பிடிக்க வேண்டும் என்றால் n = √(2k) என்றுதான் வரும். அந்த வர்க்கமூலத்தை வைத்துக்கொண்டு இரட்டையா ஒற்றையா என்று எதுவும் சொல்ல முடியாது. வர்க்கத்திலிருந்து எண்ணுக்கு இறங்குவது கஷ்டம், எண்ணிலிருந்து வர்க்கத்துக்கு ஏறுவது சுலபம். ஆகவே கூற்றைத் திருப்பிப் போடுகிறோம்: n ஒற்றைப்படை என்றால் n²-உம் ஒற்றைப்படை. இப்போது n = 2k + 1 என்று ஒரு பிடி கிடைத்துவிடுகிறது.

n² = (2k + 1)² = 4k² + 4k + 1 = 2(2k² + 2k) + 1

ஒற்றைப்படை. முடிந்தது.

இதையே பாகூரிலிருந்து வரும் ஒரு மாணவி பலகையில் இப்படி எழுதினாள்: "n² இரட்டைப்படை, ஆனால் n ஒற்றைப்படை என்று கொள்வோம். n = 2k + 1. ஆகவே n² = 2(2k² + 2k) + 1. அதாவது n² ஒற்றைப்படை. ஆனால் n² இரட்டைப்படை என்று கொண்டோம். இது முரண்பாடு. எனவே n இரட்டைப்படை."

"தப்பு எதுவும் இல்லைம்மா. ஒன்று மட்டும் சொல்லு. n² இரட்டைப்படை என்று முதல் வரியில் எடுத்துக்கொண்டாயே, அதை எந்த வரியில் பயன்படுத்தினாய்?"

அவள் பலகையை மேலிருந்து கீழே பார்த்தாள். "கடைசி வரியில சார்."

"நடுவில்?"

"நடுவுல இல்ல சார்."

"அப்படியானால் முதல் வரியிலிருந்து அதை அழித்துவிடு. கடைசியில் 'இது முரண்பாடு' என்பதையும் அழி. மிச்சம் என்ன இருக்கிறது?"

"n ஒற்றைப்படைன்னா n² ஒற்றைப்படை… காண்ட்ராபாசிட்டிவ் சார்!"

நான் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் முதல் சோதனை இதுதான். "P என்றால் Q" என்ற கூற்றை நிறுவ, முரண்பாட்டு முறையில் P உண்மை, Q பொய் என்று இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறோம். எழுதி முடித்ததும் P எங்கே வேலை செய்தது என்று தேடிப் பாருங்கள். கடைசி வரியில் மோதுவதற்கு மட்டும் வந்திருந்தால், நீங்கள் எழுதியது முரண்பாட்டு உடை போட்ட காண்ட்ராபாசிட்டிவ். உடையைக் கழற்றிவிடலாம். P நடுவில் ஒரு சமன்பாட்டையோ ஒரு படியையோ தந்திருந்தால் அது உண்மையாகவே முரண்பாட்டு நிரூபணம், அப்படியே இருக்கட்டும்.

இரண்டு வரி மிச்சமாவதற்காகவா இவ்வளவு என்று கேட்கலாம். வரி எண்ணிக்கை பெரிய விஷயம் இல்லை. இதில் பெரிய விஷயம் பிழை எப்படி வெளியே தெரிகிறது என்பதுதான். அதை நான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

காண்ட்ராபாசிட்டிவ் நிரூபணத்தின் ஒவ்வொரு வரியும் உண்மையான எண்களைப் பற்றியது. "n ஒற்றைப்படை என்றால் n² ஒற்றைப்படை" என்று எழுதும்போது n இருக்கும் இடத்தில் 3 போடலாம், 5 போடலாம், 7 போடலாம். 9, 25, 49 என்று வரும். எந்த வரியில் சந்தேகம் வந்தாலும் ஓர் எண்ணைப் போட்டுப் பார்த்துவிடலாம். முரண்பாட்டு முறைக்குள் நுழைந்தபின் அந்த வசதி இல்லை. வர்க்கம் இரட்டையாகவும் தான் ஒற்றையாகவும் உள்ள முழு எண் உலகத்தில் கிடையாது. போட்டுப் பார்க்க எண் இல்லை. அதைவிட ஆபத்தான ஒன்றும் உண்டு. முரண்பாட்டு முறையில் நாம் தேடுவதே ஒரு மோதலை. நடுவில் கை தவறிக் கூட்டலில் பிழை செய்தாலும் மோதல் வரும். உடனே "ஆ, முரண்பாடு வந்துவிட்டது" என்று கோடு போட்டு முடித்துவிடுவோம். பிழை வெற்றியைப் போலவே வந்து நிற்கும்.

இது நடக்கும் விதத்தைக் காட்ட நான் வைத்திருக்கும் கணக்கு √4. அது 2 என்பது எல்லோருக்கும் தெரியும். அதை "விகிதமுறா எண்" என்று நிரூபித்துக் காட்டுகிறேன், பாருங்கள்.

√4 விகிதமுறு எண் என்று கொள்வோம். √4 = a/b, மேலும் சுருக்க முடியாத பின்னம். a² = 4b². ஆகவே a² நான்கால் வகுபடும். ஆகவே a நான்கால் வகுபடும், a = 4c. 16c² = 4b², அதாவது b² = 4c². ஆகவே b-யும் நான்கால் வகுபடும். a, b இரண்டுக்கும் 4 பொதுக் காரணி. சுருக்க முடியாத பின்னம் என்றோமே! முரண்பாடு.

√2-க்குப் புத்தகத்தில் இருக்கும் நிரூபணத்தை வரிக்கு வரி மனப்பாடம் செய்த பிள்ளை, 2 இருந்த இடத்தில் 4 போட்டு இதை எழுதிவிட்டு நிமிர்ந்து பார்க்கும். ஒவ்வொரு வரியும் பழக்கமான வரி. முடிவு மட்டும் அபத்தம். தவறு எங்கே? "a² நான்கால் வகுபட்டால் a நான்கால் வகுபடும்" என்ற வரியில். முரண்பாட்டுக்குள் இருந்துகொண்டு அதைப் பார்த்தால் சந்தேகமே வராது. அதைத் தனியாக வெளியே எடுத்துக் காண்ட்ராபாசிட்டிவாகத் திருப்புங்கள்: "a நான்கால் வகுபடாவிட்டால் a² நான்கால் வகுபடாது." இப்போது எண்ணைப் போடலாம். a = 1: வர்க்கம் 1, சரி. a = 2: வர்க்கம் 4. வகுபடுகிறது! இரண்டாவது எண்ணிலேயே கூற்று உடைந்துவிட்டது.

இதே இடத்தில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. இரட்டைப்படையின் மறுப்பு ஒற்றைப்படை; முழு எண்ணுக்கு வேறு வழி கிடையாது, n = 2k + 1 என்று ஒரே வடிவம். "நான்கால் வகுபடும்" என்பதன் மறுபக்கம் அப்படி ஒரே வடிவம் இல்லை. 4k + 1, 4k + 2, 4k + 3 என்று மூன்று. பழக்கதோஷத்தில் 4k + 1 மட்டும் எழுதி வர்க்கப்படுத்தினால் 4(4k² + 2k) + 1 என்று அழகாக வரும், பொய்க் கூற்று நிரூபணமானது போலவே இருக்கும். மூன்றால் வகுபடாததற்கு இரண்டு வடிவம் போட வேண்டும்: 3k + 1-க்கு 9k² + 6k + 1, 3k + 2-க்கு 9k² + 12k + 4. இரண்டுமே மூன்றால் வகுக்கும்போது மீதி 1 தருகின்றன. அதனால்தான் √3-க்கு அந்த நிரூபணம் நிற்கிறது, √4-க்கு விழுகிறது.

ஆகவே ஒற்றை–இரட்டைக் கூற்றுகளில் என் தேர்வு தயக்கமில்லாதது. "இது என்றால் அது" என்ற வடிவத்தில் கூற்று இருந்து, "அது இல்லை" என்பது n = 2k + 1 போல எழுதக்கூடிய ஒரு வடிவத்தைக் கையில் தந்தால், காண்ட்ராபாசிட்டிவ். வேறு யோசனை வேண்டாம்.

இனி √2-க்கு வருவோம். "√2 ஒரு விகிதமுறா எண்." இதில் "என்றால்" எங்கே இருக்கிறது? இல்லை. P என்று எதுவும் கொடுக்கப்படவில்லை. ஓர் எண்ணைக் காட்டி, அது இப்படிப்பட்டது இல்லை என்று சொல்கிறோம். திருப்பிப் போட இரண்டு பக்கம் வேண்டும், இங்கே ஒரே பக்கம்தான். அதனால் முரண்பாட்டு முறை இங்கே இயல்பாக வந்து உட்காருகிறது. விகிதமுறா எண் என்பதற்கு வரையறையே "விகிதமுறு எண் இல்லை" என்பதுதான். இல்லை என்பதை நிறுவ, இருக்கிறது என்று வைத்துப் பார்த்து உடைப்பதைவிட நேரான வழி எது?

√2 = a/b, சுருக்க முடியாத பின்னம் என்று கொள்வோம். a² = 2b². ஆகவே a² இரட்டைப்படை, ஆகவே a இரட்டைப்படை, a = 2c. 4c² = 2b², b² = 2c². ஆகவே b-யும் இரட்டைப்படை. இரண்டும் இரட்டைப்படை என்றால் பின்னத்தை 2-ஆல் சுருக்கலாம். முரண்பாடு.

இதற்கு நம் முதல் சோதனையை வைத்துப் பாருங்கள். எடுத்துக்கொண்டவை இரண்டு: a/b = √2 என்பதும், அது சுருக்க முடியாத பின்னம் என்பதும். முதலாவது நடு வரிகள் அனைத்தையும் நடத்திச் செல்கிறது. இரண்டாவது கடைசியில் மோதுகிறது. முதலாவதை அழித்தால் நிரூபணமே இல்லை. இது உண்மையான முரண்பாட்டு நிரூபணம். உள்ளே "ஆகவே a இரட்டைப்படை", "ஆகவே b-யும் இரட்டைப்படை" என்று இரண்டு தடவை வருகிறதே, அது நாம் ஏற்கெனவே காண்ட்ராபாசிட்டிவில் நிறுவிய துணைத் தேற்றம். நல்ல நிரூபணங்களில் இந்த அமைப்பைத் திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள்: வெளியே ஒரு முரண்பாடு, உள்ளே தனியாகச் சோதித்துப் பார்க்கக்கூடிய காண்ட்ராபாசிட்டிவ்கள். துணைத் தேற்றத்தை வெளியே எழுதி முடித்துவிட்டு உள்ளே வருவதுதான் √4 போன்ற விபத்திலிருந்து காக்கும்.

சதுரத்தின் மூலைவிட்டத்தையும் பக்கத்தையும் ஒரே அளவுகோலால் அளக்க முடியாது, அளக்க முடிந்தால் ஒற்றையும் இரட்டையும் சமமாகிவிடும் என்று அரிஸ்டாட்டில் குறிப்பிடுகிறார். முரண்பாட்டு முறைக்கு அவர் எடுத்துக்காட்டியதே இதைத்தான். ஒற்றை–இரட்டைக் கணக்கும் விகிதமுறா எண் கணக்கும் அப்போதே ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தன.

ஆனால் √2-க்கும் ஒரு "என்றால்" செய்துகொள்ள முடியும் என்பதை நல்ல மாணவர்களுக்கு நான் விடாமல் காட்டுகிறேன். கூற்றைச் சற்றே மாற்றி எழுதுங்கள்: x² = 2 என்றால் x விகிதமுறா எண். திருப்பிப் போட்டால்: x விகிதமுறு எண் என்றால் x² ≠ 2. அதாவது முழு எண்களான a, b எதுவாக இருந்தாலும், இரண்டும் 0 இல்லை என்றால், a² ≠ 2b². இதை முரண்பாடே இல்லாமல் நிறுவலாம். a-யை இரண்டால் வகுத்துக்கொண்டே போங்கள், ஒற்றைப்படை வரும்வரை. s தடவை வகுபட்டது என்போம். b-யில் t தடவை. அப்படியானால் a²-இல் 2 என்ற காரணி 2s தடவை இருக்கும். 2b²-இல் 2t + 1 தடவை இருக்கும். ஒன்று இரட்டைப்படை, இன்னொன்று ஒற்றைப்படை. இரண்டும் சமமாக வாய்ப்பே இல்லை. சுருக்க முடியாத பின்னம் என்ற நிபந்தனைகூடத் தேவைப்படவில்லை.

இதில் ஒரு லாபம் இருக்கிறது. முரண்பாட்டு நிரூபணத்துக்குள் எழுதிய a = 2c, b² = 2c² எல்லாம் இல்லாத பின்னத்தைப் பற்றியவை; நிரூபணம் முடிந்ததும் அவற்றால் வேறு பயன் இல்லை. காண்ட்ராபாசிட்டிவில் கிடைத்த a² ≠ 2b² என்பது உண்மையான எல்லாப் பின்னங்களுக்கும் பொருந்தும் உண்மை. இரண்டும் முழு எண்கள், சமம் இல்லை. அப்படியானால் அவற்றின் வித்தியாசம் குறைந்தது 1. இதிலிருந்து பின்னம் √2-ஐ எவ்வளவு நெருங்கலாம் என்பதற்கே ஓர் எல்லை கிடைக்கிறது:

|√2 − a/b| = |2b² − a²| / (b²(√2 + a/b))

மேலே குறைந்தது 1. a/b என்பது 1-க்கும் 1.5-க்கும் இடையில் இருந்தால் அடைப்புக்குள் இருப்பது 3-ஐவிடக் குறைவு. ஆகவே வித்தியாசம் 1/(3b²)-ஐவிட அதிகம்.

எண்ணைப் போட்டுப் பார்ப்போம். சுல்ப சூத்திரங்களில் √2-க்குக் கொடுத்திருக்கும் மதிப்பு 1 + 1/3 + 1/(3·4) − 1/(3·4·34). கூட்டிப் பார்த்தால் 577/408. இப்போது 577² = 332929. 2 × 408² = 332928. வித்தியாசம் சரியாக 1. முழு எண்களில் இதற்கு மேல் நெருங்க முடியாது, 0 ஆகவும் முடியாது. ஏனென்றால் 577-இல் 2 ஒரு தடவைகூட வகுபடாது, 408 மூன்று தடவை வகுபடும்: இடப்பக்கம் 2 என்ற காரணி 0 தடவை, வலப்பக்கம் 7 தடவை. கால்குலேட்டரில் 577/408 = 1.4142156…, √2 = 1.4142135…, வித்தியாசம் ஏறத்தாழ 0.00000212. நம் எல்லை 1/(3 × 408²) ஏறத்தாழ 0.00000200. எல்லையை ஒட்டியே வந்து நிற்கிறது. பலகையில் இதைப் போட்டபோது பண்ருட்டிப் பையன் ஒருவன் 408-ஐத் தானே வர்க்கப்படுத்திச் சரிபார்த்துவிட்டுத்தான் பேனாவைக் கீழே வைத்தான்.

தேர்வில் √2 வந்தால் வழக்கமான முரண்பாட்டு நிரூபணத்தையே எழுதுங்கள். எல்லோருக்கும் தெரிந்தது, திருத்துபவருக்கும் சட்டென்று புரியும். "எவ்வளவு நெருக்கம்?" என்ற கேள்வி பின்னால் வரும் என்றால் இரண்டாவது.

விகிதமுறா எண்களில் "என்றால்" உள்ள கூற்றுகள் வேறு ரகம். x² விகிதமுறா எண் என்றால் x-உம் விகிதமுறா எண். இதை நேராகத் தொடங்கவே முடியாது. x² விகிதமுறா எண் என்று சொன்னால் எழுத என்ன இருக்கிறது? ஒற்றைப்படைக்கு 2k + 1 இருப்பதுபோல் விகிதமுறா எண்ணுக்கு ஒரு வடிவம் இல்லை. அது என்ன இல்லை என்பது மட்டும்தான் தெரியும். திருப்பினால் இரண்டு பக்கமும் விகிதமுறு எண் ஆகிவிடுகிறது: x = a/b என்றால் x² = a²/b². ஒரே வரி. எடுகோளும் முடிவும் இரண்டுமே "விகிதமுறா" என்று இருந்தால் காண்ட்ராபாசிட்டிவ்தான், வேறு யோசிக்காதீர்கள். ஆனால் மறுதலைக்குத் தாவிவிடக் கூடாது: x விகிதமுறா எண் என்பதால் x² விகிதமுறா எண் ஆகிவிடாது. √2-வே சாட்சி.

இந்தச் சிறிய கூற்றின் பலம் √2 + √3 கணக்கில் தெரியும். பெரும்பாலோர் எழுதுவது: √2 + √3 = r விகிதமுறு எண் என்று கொள்வோம், வர்க்கப்படுத்தினால் 5 + 2√6 = r², ஆகவே √6 = (r² − 5)/2 விகிதமுறு எண், முரண்பாடு. சரி. எதற்கு முரண்? √6 விகிதமுறா எண் என்பதற்கு. அது எங்கே நிறுவப்பட்டது? பல தாள்களில் எங்குமே இல்லை, "நமக்குத் தெரியும்" என்று விட்டிருப்பார்கள். நான் இதை வேறு ஒழுங்கில் எழுதச் சொல்கிறேன். முதலில் √6-ஐ முரண்பாட்டு முறையில் தனியாக முடியுங்கள்: a² = 6b², ஆகவே a = 2c, ஆகவே 2c² = 3b²; 3b² இரட்டைப்படை, 3 ஒற்றைப்படை, ஆகவே b² இரட்டைப்படை, b இரட்டைப்படை, மோதல். பிறகு மேலே ஏறுங்கள். √6 விகிதமுறா எண். ஆகவே 5 + 2√6 விகிதமுறா எண். அது √2 + √3-இன் வர்க்கம். ஆகவே √2 + √3 விகிதமுறா எண். முரண்பாடு ஒரே இடத்தில், அடியில். மேலே எல்லாம் காண்ட்ராபாசிட்டிவில் நிறுவிய சிறு கூற்றுகள், நேராக மேல்நோக்கி நடக்கின்றன. எதை எங்கே நிறுவினோம் என்பது மறையவே முடியாது.

எடுகோள் இரண்டு இருக்கும்போது சற்றுக் கவனம் வேண்டும். r விகிதமுறு எண், x விகிதமுறா எண் என்றால் r + x விகிதமுறா எண். முழுக் கூற்றையும் திருப்பினால், r + x விகிதமுறு எண் என்றால் r விகிதமுறா எண் அல்லது x விகிதமுறு எண் என்று ஒரு "அல்லது" வந்து குழப்பும். r-ஐ அசைக்காதீர்கள். அது பின்னணி. r விகிதமுறு எண் என்று முன்னாலேயே நிறுத்திவிட்டு, மீதியை மட்டும் திருப்புங்கள்: r + x விகிதமுறு எண் என்றால் x = (r + x) − r விகிதமுறு எண். பெருக்கலில் இதையே செய்யும்போது r-ஆல் வகுக்க வேண்டி வரும். r ≠ 0 என்ற நிபந்தனை எதற்கு என்று அப்போது தானாகப் புரியும்.

"xy விகிதமுறா எண் என்றால் x, y இரண்டில் ஒன்றாவது விகிதமுறா எண்" என்ற கூற்றில் மறுப்பை எழுதும் இடத்தில்தான் அதிகம் வழுக்குகிறார்கள். "ஒன்றாவது விகிதமுறா எண்" என்பதன் மறுப்பு "இரண்டும் விகிதமுறு எண்கள்". "ஒன்று விகிதமுறு எண்" என்று எழுதிவிட்டால், x = 1, y = √2 வந்து கூற்றைக் கவிழ்த்துவிடும். முரண்பாட்டு முறையை எடுத்தாலும் இதே மறுப்பை எழுதித்தான் ஆக வேண்டும். இதிலிருந்து தப்ப எந்த முறையும் உதவாது.

கடைசியாக, கூற்றில் "என்றால்" இருந்தும் நான் முரண்பாட்டு முறையையே எடுக்கும் ஒரு கணக்கு. ஒற்றை–இரட்டையும் விகிதமுறா எண்ணும் ஒரே இடத்தில் சேரும் கணக்கு இது.

a, b, c மூன்றும் ஒற்றைப்படை முழு எண்கள் என்றால் ax² + bx + c = 0 என்ற இருபடிச் சமன்பாட்டுக்கு விகிதமுறு மூலம் கிடையாது.

திருப்பினால்: விகிதமுறு மூலம் இருந்தால் a, b, c-யில் ஒன்றாவது இரட்டைப்படை. எது இரட்டைப்படை? a-யா, b-யா, c-யா? முன்கூட்டிச் சொல்ல முடியாது. சமன்பாட்டுக்குச் சமன்பாடு மாறும். "மூன்றும் ஒற்றையாக இருக்க முடியாது" என்று காட்டத்தான் வழி. அதற்கு மூன்றும் ஒற்றை என்று வைத்துப் பார்க்க வேண்டும். சுற்றி வந்து முரண்பாட்டு முறைக்கே வந்துவிட்டோம். ஆகவே அங்கேயே தொடங்கலாம். மூன்றும் ஒற்றைப்படை, p/q என்ற சுருக்க முடியாத பின்னம் ஒரு மூலம் என்று கொள்வோம். பிரதியிட்டு q²-ஆல் பெருக்கினால்

ap² + bpq + cq² = 0

p, q இரண்டும் ஒற்றை என்றால் மூன்று உறுப்புகளும் ஒற்றை, மூன்று ஒற்றைகளின் கூடுதல் ஒற்றை, 0 ஆகாது. p இரட்டை, q ஒற்றை என்றால் முதல் இரண்டு உறுப்புகள் இரட்டை, cq² ஒற்றை. கூடுதல் மறுபடி ஒற்றை. p ஒற்றை, q இரட்டை என்றால் ap² மட்டும் ஒற்றை, கூடுதல் ஒற்றை. இரண்டும் இரட்டை என்பது நடக்காது, பின்னம் சுருக்க முடியாதது. எந்த வழியில் போனாலும் 0 ஒற்றைப்படை ஆகிறது. முரண்பாடு.

இங்கே சோதனையை வையுங்கள். கெழுக்கள் ஒற்றை என்ற P ஒவ்வொரு வழியிலும் நடுவில் வேலை செய்கிறது. மூலம் இருக்கிறது என்ற ¬Q அந்தச் சமன்பாட்டையே தருகிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் கையில் பிடித்திருந்தால்தான் கணக்கு நகரும். முரண்பாட்டு முறை தரும் உண்மையான கூடுதல் வசதி இதுதான், அதற்காகத்தான் அதை வைத்திருக்க வேண்டும்.

இதை முடித்ததும் x² + x − 1 = 0 என்ற சமன்பாட்டை எழுதி, கெழுக்கள் 1, 1, −1 என்று காட்டினேன். பாகூர் மாணவி மூலத்தைக் கண்டுபிடித்தாள்: (−1 + √5)/2.

"மூணும் ஒற்றைப்படை சார். அப்ப இது விகிதமுறா எண்."

"அப்போ √5?"

"√5 விகிதமுறு எண்ணா இருந்தா இதுவும் விகிதமுறு எண்ணாத்தான் இருக்கும். இது இல்ல. அதனால √5-உம் இல்ல சார். ஐந்தால வகுக்கவே இல்லையே!"

"கடைசியில் நீ சொன்னது எந்த முறைம்மா?"

"காண்ட்ராபாசிட்டிவ்."

அதே வேகத்தில் அவள் √3-க்கும் இதைச் செய்யப் பார்த்தாள். மூன்று கெழுக்களும் ஒற்றைப்படையாக இருந்தால் b² − 4ac-யை எட்டால் வகுக்கும்போது மீதி 5-தான் வரும்: b² எப்போதும் மீதி 1 தரும், 4ac எப்போதும் மீதி 4 தரும், 1 − 4 என்பது எட்டோடு சேர்த்தால் 5. மூலத்தில் √3 வர வேண்டுமானால் b² − 4ac என்பது 3 × (ஒரு முழு எண்ணின் வர்க்கம்) ஆக வேண்டும். அதை எட்டால் வகுத்தால் மீதி 0, 3, 4 மட்டுமே வரும், 5 வராது. √3-க்கு இந்த வழி திறக்காது. அதற்கு மூன்றால் வகுத்து, 3k + 1, 3k + 2 என்று இரண்டு வடிவமும் போட்ட பழைய துணைத் தேற்றத்துக்கே போக வேண்டும்.